கால்விரலில் இருந்து மூளை வரை
நரம்பில் கணத்தாக்கம் செல்வது எப்படி?

எமது சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி சில வாரங்களுக்கு முன்னர் பாடசாலைச் சோதனைத் தாளைக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினாள். "நரம்புக் கலத்தினூடாகக் கணத்தாக்கம் எவ்வாறு செல்கிறது?" என்பது கேள்வி. "கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல நரம்பில் மின்சாரம் ஓடுகிறது" என்று அவள் இந்த நாட்டு மொழியில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். ஆறு புள்ளிகளில் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை.

"மின்சாரம் என்றுதானே புத்தகத்திலும் இருக்கிறது, நான் எழுதியதில் என்ன பிழை?" என்று கேட்டாள். மொழி விளங்காததால் வந்த பிழை என்றே அவள் தாயார் எண்ணியிருந்தார். உண்மையில் மொழியில் பிழை இல்லை. மனதில் இருந்த படம்தான் பிழை. யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்த எங்களில் பலரும் அதே படத்தோடுதான் பாடத்தைக் கடந்து வந்தோம். ஆகவே இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறோம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்திருந்து வாசிக்கலாம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கணத்தாக்கம் என்று ஊர்ப் புத்தகங்கள் சொல்வதை இங்கே ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இம்பல்ஸ் என்பார்கள். அது செல்லும் நீண்ட இழைக்கு அக்சோன் என்று பெயர். அந்த இழையில் ஓர் இடத்தில் ஒரு கணம் ஏற்படும் மின் மாற்றத்துக்கு அக்‌ஷன் பொட்டென்ஷியல் என்று பெயர். அக்சோன் என்பது பொருள், அக்‌ஷன் என்பது நிகழ்ச்சி. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் எங்கள் பிள்ளைகள் பலர் இவற்றை மாற்றி எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அக்சோனை "இழை" என்றும், நிகழ்ச்சியைக் "கணத்தாக்கம்" என்றும் எழுதுகிறோம்.

கட்டில் காலில் விரல் அடிபட்டால்

இருட்டில் எழுந்து போகும்போது கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொள்ளாதவர் இல்லை. அந்த நேரத்தில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இடித்த உடனேயே "இடித்துவிட்டோம்" என்று தெரிகிறது. கூடவே சுரீர் என்று ஒரு குத்து. "ஐயோ, இனி நோகப்போகிறதே" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கனத்த, உளையும் நோவு வந்து சேர்கிறது.

அடிபட்டது ஒரே விரல், ஒரே கணம். செய்திகள் மட்டும் வெவ்வேறு நேரத்தில் வருகின்றன. விரலில் இருந்து முள்ளந்தண்டு வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். தொடுகையைக் கொண்டுசெல்லும் தடித்த இழைகளில் கணத்தாக்கம் செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் செல்லும். அந்த ஒரு மீற்றரைக் கடக்க 0.02 செக்கன் போதும். சுரீர் என்ற குத்தைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளில் வேகம் 15 மீற்றர் அளவு. அது 0.07 செக்கன் எடுக்கும். உளையும் நோவைக் கொண்டுவரும் மிக மெல்லிய இழைகளிலோ செக்கனுக்கு ஒரு மீற்றர்தான். அது ஒரு முழுச் செக்கன் எடுத்து வந்து சேர்கிறது.

செப்புக் கம்பியில் மின் சைகை செக்கனுக்கு இலட்சக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் போகும். நரம்பில் மிக வேகமான செய்திகூடச் செக்கனுக்கு 100 மீற்றரைச் சுற்றியே நிற்கிறது. ஒரே பொருள் ஓடினால் இவ்வளவு வித்தியாசம் வருமா? வராது. கம்பியில் நடப்பது ஒன்று, நரம்பில் நடப்பது வேறொன்று என்பதற்கு இந்த வேகமே முதற் சாட்சி.

இந்த வேகத்தை முதலில் அளந்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி. நரம்பின் வேகத்தை ஒருபோதும் அளக்க முடியாது என்று கருதியவர்களில் அவருடைய ஆசிரியரும் ஒருவர். ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850 அளவில் தவளையின் கால் நரம்பையும் அதோடு சேர்ந்த தசையையும் எடுத்தார். நரம்பைத் தசைக்கு அருகில் ஒரு முறையும், தூரத்தில் ஒரு முறையும் தூண்டினார். தூரத்தில் தூண்டியபோது தசை சற்றுத் தாமதமாகச் சுருங்கியது. இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரத்தை அந்தத் தாமதத்தால் பிரித்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் என்று வந்தது. இந்தக் கழித்தல் கணக்கை நினைவில் வைத்திருங்கள், கட்டுரையின் முடிவில் மீண்டும் தேவைப்படும்.

சீனவெடியின் திரி

கம்பியை மறந்துவிட்டு, வருடப்பிறப்புக்குக் கொளுத்தும் சீனவெடியின் திரியை நினையுங்கள். திரியின் ஒரு முனையில் நெருப்பு வைக்கிறோம். நெருப்புக்குச்சியில் இருந்த நெருப்பு வெடிவரை ஓடிப்போவதில்லை. பற்றிய துண்டின் சூடு பக்கத்துத் துண்டைப் பற்றவைக்கிறது. அது அடுத்ததைப் பற்றவைக்கிறது. ஒவ்வொரு துண்டும் தன்னிடம் உள்ள மருந்தைத்தான் எரிக்கிறது. ஆகவே திரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் நெருப்பு வழியில் சோர்ந்துபோவதில்லை. சின்ன நெருப்புக்குச்சியால் பற்றவைத்தாலும் பெரிய பந்தத்தால் பற்றவைத்தாலும் திரி ஒரே மாதிரித்தான் எரியும்.

நரம்பும் இப்படித்தான். விரலில் எழுந்த மின்சாரம் மூளைக்குப் போவதில்லை. இழையின் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியால் தூண்டப்பட்டு, தன் சொந்தச் சேமிப்பைக்கொண்டு கணத்தாக்கத்தைப் புதிதாக உண்டாக்குகிறது. மாணவியின் விடையில் விடுபட்டது இந்த ஒன்றுதான்.

திரிக்கும் நரம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எரிந்த திரி சாம்பல். நரம்போ ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குக்குள் மறுபடியும் பழைய நிலைக்கு வந்துவிடும். அது எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

ஓய்வு நிலையில் இருக்கும் சேமிப்பு

இழையை மூடியிருப்பது மிக மெல்லிய மென்சவ்வு. அதற்கு வெளியிலும் உப்புத் தண்ணீர், உள்ளேயும் உப்புத் தண்ணீர். ஆனால் உப்பு ஒரே வகையல்ல. வெளியில் சோடியம் அயன்கள் அதிகம், உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல். உள்ளே பொற்றாசியம் அயன்கள் அதிகம், வெளியில் இருப்பதைப்போல் முப்பது மடங்கு அளவு. இந்த வித்தியாசத்தை வைத்திருப்பது மென்சவ்வில் உள்ள ஒரு பம்பி. அது ஒவ்வொரு தடவையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. இதற்குச் சக்தி செலவாகிறது.

ஓய்வு நிலையில் மென்சவ்வு பொற்றாசியத்தை மட்டும் கொஞ்சம் கசியவிடும். நேரேற்றம் கொண்ட பொற்றாசியம் வெளியே கசியக் கசிய, உள்பக்கம் எதிரேற்றம் அடைகிறது. வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டால் உள்பக்கம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ற். ஒரு சாதாரண ரோச் பற்றறியின் 1.5 வோல்ற்றில் இது இருபதில் ஒரு பங்கு. சிறிய அளவுதான். ஆனால் வெளியில் நிற்கும் சோடியத்துக்கு இரண்டு காரணங்களால் உள்ளே வர ஆசை: உள்ளே சோடியம் குறைவு, உள்ளே எதிரேற்றம். வாயிற்கதவு பூட்டியிருப்பதால்தான் அது வெளியில் நிற்கிறது. திரியில் உள்ள மருந்துக்கு நிகரானது இதுதான்.

ஆயிரத்தில் ஒரு செக்கனில் நடப்பது

மென்சவ்வில் சோடியத்துக்கான வாயில்கள் உண்டு. அவை மின்னழுத்தத்தை உணரும் கதவுகள். உள்பக்கம் −70 இல் இருந்து ஏறத்தாழ −55 மில்லிவோல்ற் வரை உயர்ந்தால் கதவுகள் திறக்கத் தொடங்கும். சோடியம் உள்ளே பாயும். அதனால் உள்பக்கம் இன்னும் உயரும். அதனால் இன்னும் பல கதவுகள் திறக்கும். இது தொடங்கிவிட்டால் இடையில் நிற்காது. உள்பக்கம் பூச்சியத்தையும் தாண்டி +30 மில்லிவோல்ற் அளவுக்கு நேரேற்றம் அடையும்.

அந்த −55 என்ற எல்லையை எட்டாவிட்டால் எதுவும் நடக்காது. எட்டிவிட்டால் முழுவதும் நடக்கும். அரைக் கணத்தாக்கம் என்று ஒன்றில்லை. "பலமாக அடித்தால் பெரிய கணத்தாக்கம் உண்டாகும்" என்று எழுதுவது சோதனைத் தாள்களில் காணும் இன்னொரு பிழை. பலமாக அடித்தால் கணத்தாக்கம் பெரிதாவதில்லை. ஒரு செக்கனில் வரும் கணத்தாக்கங்களின் எண்ணிக்கை கூடும், தூண்டப்படும் இழைகளின் எண்ணிக்கையும் கூடும். மூளை அந்த எண்ணிக்கையில் இருந்துதான் அடியின் பலத்தை அறிகிறது.

சோடியக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் உண்டு. கதவு திறந்து ஒரு மில்லிசெக்கன் அளவுக்குள் தாழ்ப்பாள் விழுந்து சோடியத்தின் வழியை அடைத்துவிடும். அந்த நேரத்தில் பொற்றாசியத்துக்கான வேறு வாயில்கள் திறக்கின்றன. பொற்றாசியம் வெளியே பாய, உள்பக்கம் மறுபடியும் எதிரேற்றம் அடைந்து −70 ஐச் சுற்றி வந்து நிற்கிறது. உள்பக்கம் அப்படிப் பழைய நிலைக்கு இறங்கிய பின்னரே சோடியக் கதவின் தாழ்ப்பாள் நீங்கும்.

இந்த இடத்தில் பம்பியைப் பற்றி ஒரு சொல். "பம்பி சோடியத்தை வெளியேற்றுவதால் கணத்தாக்கம் முடிகிறது" என்று எழுதுவோர் பலர். அது சரியல்ல. முடித்துவைப்பது வெளியே போகும் பொற்றாசியம்தான். ஒரு கணத்தாக்கத்தில் இடம்மாறும் அயன்கள் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. கணவாயின் தடித்த இழையில் பம்பியை நிறுத்திவைத்தாலும் ஆயிரக்கணக்கான கணத்தாக்கங்கள் தொடர்ந்து செல்லும். பம்பியின் வேலை சேமிப்பை நீண்ட காலத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது.

கணவாயைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இவையெல்லாம் தெரியவந்தது அந்தப் பிராணியால்தான். சில கணவாய் இனங்களில் அரை மில்லிமீற்றர் தடிப்பான இழைகள் உண்டு, கண்ணால் பார்க்கலாம். 1939 இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அந்த இழைக்குள்ளேயே மின்வாயைச் செலுத்தி அளந்தார்கள். உள்பக்கம் பூச்சியத்துக்கு மட்டும் உயரும் என்று அக்காலத்தில் எண்ணியிருந்தார்கள். அதுவோ பூச்சியத்தைத் தாண்டி நேரேற்றம் அடைந்தது. காரணத்தை உடனே ஆராய உலகப்போர் விடவில்லை. போருக்குப் பின்னர் ஹொட்ஜ்கினும் பேர்னாட் காற்ஸ் என்பவரும் இழையைச் சுற்றியிருந்த நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். கணத்தாக்கத்தின் உச்சமும் குறைந்தது. உள்ளே பாய்வது சோடியம்தான் என்று 1949 இல் எழுதினார்கள். 1952 இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். 1963 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்ஸ் 1970 இல் வேறொரு ஆய்வுக்காக அப்பரிசில் பங்குபெற்றார். யூதரான அவர் நாஸிகளின் ஜேர்மனியை விட்டு 1935 இல் இலண்டனுக்கு அகதியாக வந்தவர் என்பதையும் இந்தச் சஞ்சிகையில் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த பகுதிக்கு எப்படிப் போகிறது? ஏன் திரும்பி வருவதில்லை?

ஓர் இடத்தில் சோடியம் உள்ளே பாய்ந்ததும் அந்த இடத்தின் உள்பக்கம் நேரேற்றம். பக்கத்து இடத்தின் உள்பக்கம் இன்னும் எதிரேற்றம். ஆகவே இழையின் உள்ளே ஒரு சிறு மின்னோட்டம் பக்கத்துக்குப் பரவுகிறது. இந்தச் சிறு ஓட்டம் தனியே விடப்பட்டால் சில மில்லிமீற்றருக்குள் கசிந்து மறைந்துவிடும். ஆனால் அது அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து இடத்தை −55 வரை உயர்த்தினால் போதும். அங்கே உள்ள கதவுகள் திறந்து, அங்கே நின்ற சோடியம் உள்ளே பாய்ந்து, அங்கே ஒரு முழுக் கணத்தாக்கம் பிறக்கிறது. விரலில் உள்ளே புகுந்த சோடியம் விரலிலேயே நிற்கிறது. முள்ளந்தண்டை அடைவது நிகழ்ச்சி மட்டுமே.

மின்னோட்டம் முன்னுக்கும் பரவும், பின்னுக்கும் பரவும். அப்படியானால் கணத்தாக்கம் ஏன் பின்னோக்கி ஓடுவதில்லை? பின்னால் உள்ள இடத்தில் தாழ்ப்பாள் இன்னும் நீங்கவில்லை. எவ்வளவு தூண்டினாலும் அந்தக் கதவுகள் அப்போது திறக்காது. அது நீங்கும் நேரத்தில் கணத்தாக்கம் வெகுதூரம் போய்விடும். ஆகவே முன்னால் மட்டுமே வழி உண்டு.

வேகம் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு சிறு இடத்திலும் கதவு திறந்து மூடவேண்டும் என்றால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். உளையும் நோவைக் கொண்டுவரும் இழைகளில் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் செக்கனுக்கு ஒரு மீற்றர்.

வேகமான இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு நிறைந்த கவசம் பல சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கிறது. தடித்த இழைகளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு தடவை கவசத்தில் மிகச் சிறிய இடைவெளி இருக்கும். அதைக் கண்டு எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் ரன்வியரின் கணு என்கிறோம். சோடியக் கதவுகள் இந்தக் கணுக்களில்தான் நெருக்கமாக உள்ளன. கவசம் உள்ள பகுதியில் மின்னோட்டம் வெளியே கசியாமல், கதவு திறக்கக் காத்திராமல், அடுத்த கணுவரை விரைந்து பரவுகிறது. கணுவில் மட்டும் கணத்தாக்கம் புதுப்பிக்கப்படுகிறது. கால்விரலில் இருந்து முள்ளந்தண்டு வரை ஏறத்தாழ ஆயிரம் கணுக்கள்.

புத்தகங்கள் இதைக் "கணுவுக்குக் கணு பாய்தல்" என்று சொல்லும். ஏதோ ஒன்று காற்றில் தாவுவதுபோலப் பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. இடையில் இழையின் உள்ளே மின்னோட்டம் தொடர்ந்தே செல்கிறது.

விறைப்பூசி செய்வது என்ன?

பல் வைத்தியர் போடும் விறைப்பூசியில் பெரும்பாலும் இருக்கும் மருந்து லிடோகேயின் அல்லது அதன் உறவான ஒன்று. அது இழைக்குள் புகுந்து, சோடியக் கதவை உள்பக்கம் இருந்து அடைக்கிறது. திரியின் நடுவில் ஒரு துண்டை நனைத்ததுபோலத்தான். பல்லில் கணத்தாக்கம் பிறக்கலாம், ஆனால் நனைந்த இடத்தைக் கடக்காது. மயலின் உள்ள இழையில் ஒரு கணுவை மட்டும் அடைத்தால் போதாது, மின்னோட்டம் அதைத் தாண்டி அடுத்த கணுவை எழுப்பிவிடும். அடுத்தடுத்து மூன்று கணுக்களாவது அடைபடவேண்டும். ஊசி போட்டபின் வைத்தியர் சில நிமிடங்கள் காத்திருப்பது மருந்து பரவி இதைச் செய்வதற்காகத்தான்.

நோவு இழைகள் முதலில் அடைபடும். தடித்த தொடுகை இழைகள் கடைசியில். ஆகவே நோவு இல்லாமல், அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரியலாம். அது ஊசி வேலை செய்யவில்லை என்பதல்ல. சுரீர் என்று நொந்தால் மட்டும் கையை உயர்த்திச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விறைப்பு முற்றாக விடும்வரை சாப்பாடு கொடுக்கவேண்டாம். உதட்டைக் கடித்துக் காயப்படுத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் கடற்கரைகளில் பேத்தை மீன் அகப்பட்டால் சமைக்காமல் எறிந்துவிடுவார்கள். அந்த மீனின் நஞ்சும் இதே சோடியக் கதவைத்தான் அடைக்கிறது, வெளிப்பக்கம் இருந்து. அது உடல் முழுவதும் பரவுவதால் முதலில் உதடும் நாக்கும் விறைத்து, பின்னர் சுவாசத் தசைகளுக்குப் போகும் கணத்தாக்கங்களும் நின்றுவிடும். சமைத்தாலும் நஞ்சு அழியாது. ஒரு கதவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்பாவின் கை

இந்தப் பாடத்தை நாம் வகுப்பில் நடத்தியபோது மாணவியின் தகப்பனார் பின்வரிசையில் இருந்தார். உணவகக் குசினியில் வேலை. பாடம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "இரவிலை பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூண்டும் விறைச்சு எழுப்பிவிடுது. உதறினால்தான் சரிவருது. இதுவும் நரம்போ?"

சின்னி விரலில் விறைப்பு இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றார். சின்னி விரலுக்குப் போவது வேறு நரம்பு. பெருவிரல் பக்கத்து நரம்பு மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டிக்கும் இடையில் ஓர் ஒடுங்கிய வழியால் வருகிறது. கையால் ஓயாமல் பலமாக வேலை செய்பவர்களுக்கு அங்கே நெருக்கம் கூடி நரம்பு அழுத்தப்படலாம். நாம் வைத்தியர் அல்லர். ஆனால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் சொல்லும்படி வற்புறுத்தினோம்.

வைத்தியசாலையில் அவருக்குச் செய்த சோதனை ஹெல்ம்ஹோல்ற்ஸ் தவளைக்குச் செய்ததேதான். முதலில் கையைச் சூடாக்கினார்கள், ஏனெனில் குளிரில் கதவுகள் மெதுவாக வேலைசெய்து, நல்ல நரம்பும் பழுதானதுபோல் காட்டும். பின்னர் பெருவிரல் தசையில் மின்வாயை ஒட்டிவிட்டு, அதே நரம்பை முழங்கையில் ஒரு தடவையும் மணிக்கட்டில் ஒரு தடவையும் சிறு மின்னால் தூண்டினார்கள்.

கணக்கைப் பாருங்கள். முழங்கையில் தூண்டியபோது தசை அசைய 10.4 மில்லிசெக்கன் எடுத்தது. மணிக்கட்டில் தூண்டியபோது 6.0 மில்லிசெக்கன். வித்தியாசம் 4.4 மில்லிசெக்கன். இரண்டு இடங்களுக்கும் இடைத்தூரம் 22 சென்ரிமீற்றர். 0.22 ஐ 0.0044 ஆல் பிரித்தால் செக்கனுக்கு 50 மீற்றர். ஆகவே முன்கையில் நரம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் மணிக்கட்டில் இருந்து பெருவிரல் வரை உள்ள சிறு தூரத்துக்கு 6.0 மில்லிசெக்கன் என்பது அதிகம். வழமையாக நாலுக்கு உள்ளேயோ சற்று மேலேயோ இருக்கும். தாமதம் மணிக்கட்டில்தான் என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

காரணமும் இப்போது உங்களுக்கு விளங்கும். அழுத்தம் முதலில் மயலின் கவசத்தைக் கெடுக்கிறது. கவசம் கெட்ட இடத்தில் மின்னோட்டம் கசிகிறது, அடுத்த கணுவை −55 வரை உயர்த்த அதிக நேரம் எடுக்கிறது. கவசம் மட்டும் கெட்டிருந்தால் அழுத்தத்தை நீக்கியபின் அது மீண்டும் வளரும். பல காலம் கவனிக்காமல் விட்டால் இழையே அழியத் தொடங்கும். பெருவிரலின் அடித்தசை மெலியும், பொருட்கள் கைநழுவும். அந்த நிலைக்குப் போனபின் திரும்புவது கடினம். அவருக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி கொடுத்து, சில மாதங்களில் மறுபடி அளப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சோதனைத் தாளைத் தகப்பனுக்கு வாசித்து விளக்கியவள் மகள்தான்.

இனி அந்த ஆறு புள்ளி

மாணவி மறுபடி எழுதிய விடையை அவளுடைய அனுமதியோடு தமிழில் தருகிறோம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு புள்ளி என்று வைத்துப் பாருங்கள்.

1. ஓய்வு நிலையில் இழையின் உள்பக்கம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ற். வெளியில் சோடியமும் உள்ளே பொற்றாசியமும் அதிகம்.

2. தூண்டல் உள்பக்கத்தை எல்லை அழுத்தம் வரை உயர்த்தினால் சோடிய வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, உள்பக்கம் நேரேற்றம் அடைகிறது.

3. பின்னர் சோடிய வாயில்கள் அடைபட்டு, பொற்றாசிய வாயில்கள் திறந்து, பொற்றாசியம் வெளியேறுவதால் உள்பக்கம் மறுபடி எதிரேற்றம் அடைகிறது.

4. உள்ளே வந்த ஏற்றம் பக்கத்துப் பகுதிக்குப் பரவி அதையும் எல்லைக்கு உயர்த்துவதால், அங்கே அதே அளவான கணத்தாக்கம் புதிதாக உண்டாகிறது.

5. கடந்துவந்த பகுதி சிறிது நேரம் தூண்டலை ஏற்காததால் கணத்தாக்கம் ஒரு திசையில் மட்டும் செல்கிறது.

6. மயலின் கவசம் உள்ள இழைகளில் கணுக்களில் மட்டும் கணத்தாக்கம் புதுப்பிக்கப்படுவதால் அது விரைவாகச் செல்கிறது.

இதைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை, பாடசாலை மொழியில் எழுதச் சொற்களைத்தான் மாற்றவேண்டும். இழையின் கடைசி முனையில் திரி முடிந்துவிடுகிறது. அடுத்த நரம்புக் கலத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு வெளி இருக்கிறது. அதைக் கணத்தாக்கம் எப்படிக் கடக்கிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.